அடுக்கி வைத்த செங்கல், மூட்டை எத்தனை என்று பார்த்தே கணக்கிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாரியில் வந்த கல்லை இறக்கி அடுக்கிட்டாங்க. ஒவ்வொன்னா எண்ண நேரமில்லை. சுத்தி நின்னு பார்த்தே எத்தனைன்னு சொல்ல முடியுங்களா?

முடியும். ஒழுங்காக அடுக்கிய செங்கல் என்றால் நூற்றுக்கு இரண்டு, மூன்று கல் வித்தியாசத்துக்குள் சொல்லிவிடலாம். தேவை மூன்றே எண்கள். நீளத்தில் எத்தனை, ஆழத்தில் எத்தனை, உயரத்தில் எத்தனை வரி. மூன்றையும் பெருக்கி, மேலே பாதியில் நிற்கும் வரியைத் தனியாகக் கூட்ட வேண்டும்.

பெருக்கல் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த மூன்று எண்களில் எது தவறினால் எவ்வளவு அடி விழும் என்று பலரும் யோசிப்பதில்லை. நீளத்தில் 48 கல் இருக்கும் இடத்தில் 47 என்று எண்ணிவிட்டால் நட்டம் நூற்றுக்கு இரண்டுதான். உயரத்தில் 11 வரிக்குப் பதில் 10 என்றால் நூற்றுக்கு ஒன்பது. ஆழம் 5 கல் இருக்கும்போது 4 என்று எடுத்தால் நூற்றுக்கு இருபது போய்விடும். எந்த எண் சின்னதோ அதில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஆழம்தான் பெரும்பாலும் சின்ன எண், கண்ணுக்கு முழுதாகத் தெரியாததும் அதுதான். நம் ஆட்கள் முன்பக்கம் நின்று நீளத்தை இரண்டு தடவை எண்ணுவார்கள், ஆழத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு “நாலு இருக்கும்” என்பார்கள்.

ஆழத்தை எப்படிங்க பார்க்கறது? உள்ளே என்ன இருக்குன்னு தெரியாதே?

இரண்டு முனைகளுக்கும் போய்ப் பாருங்கள். ஒரு முனை போதாது, ஏனென்றால் ஒரு பக்கம் 5 கல் ஆழத்தில் தொடங்கி, இடம் போதாமல் மறுபக்கம் 4 ஆகச் சுருங்கியிருக்கலாம். அப்புறம் ஏணியோ டிரம்மோ போட்டு ஏறி மேலிருந்து பாருங்கள். நான்கு பக்கமும் சுவர்போல எழுப்பிவிட்டு நடுவில் கல்லை வாரிக் கொட்டியிருந்தால் அது மேலிருந்துதான் தெரியும். மேல் வரியை மட்டும் ஒழுங்காக வைத்து மூடியிருந்தால் அதுவும் தெரியாது. அதனால் நடுவில் கையெட்டும் இடத்தில் நாலைந்து கல்லை எடுத்துப் பாருங்கள். அடுத்த வரியும் வரிசையாக இருந்தால் பயமில்லை. கோணல்மாணலாகக் கிடந்தால் பெருக்கல் கணக்கு அந்த அடுக்குக்குப் பொருந்தாது.

கீழ் வரியையும் மறக்காதீர்கள். மழைக்குப் பின் கரிசல் மண்ணில் இறக்கிய கல்லில் அடி வரி பாதி புதைந்து நிற்கும், புல் மறைத்தும் இருக்கும். ஒரு மூலையில் மண்ணைக் கொஞ்சம் சுரண்டிவிட்டு அங்கிருந்து வரிகளை மேல்நோக்கி எண்ண வேண்டும்.

ஒரு வரியில கல் குறுக்கே இருக்கு, அடுத்த வரியில நீளமா இருக்கு. எதை எண்ணறது?

இரண்டில் எதையும் எண்ணலாம். ஆனால் நீளத்துக்கான எண்ணும் ஆழத்துக்கான எண்ணும் ஒரே வரியிலிருந்து வர வேண்டும். முன்பக்கம் மூன்றாம் வரியை எண்ணிவிட்டு, பக்கவாட்டில் போய் நான்காம் வரியை எண்ணினால் விடை எங்கோ போய் நிற்கும். எண்ணும் வரியில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துக்கொண்டே மூலை திரும்புங்கள்.

ஒரு வரி குறுக்கே, அடுத்தது நீளமாக வைப்பது அடுக்கு சரியாமல் இருக்கத்தான். அது கணக்கைப் பெரிதாகக் கெடுக்காது, காரணம் செங்கல்லின் அளவிலேயே இருக்கிறது. நம் பக்கம் கிடைக்கும் கல் ஏறக்குறைய 9 அங்குல நீளம், 4¼ அங்குல அகலம், 3 அங்குல கனம். விளிம்பில் நிறுத்தி வைத்தால் மூன்று கல் பக்கம் பக்கமாகச் சேர்ந்து 9 அங்குலம். ஆக 9 அங்குலச் சதுரத்தில் மூன்று கல். எந்தத் திசையில் திருப்பினாலும் மூன்றுதான். படுக்கையாக வைத்தால் இரண்டு கல் சேர்ந்து எட்டரை அங்குலம், இடைவெளியோடு 9. ஆக அதே சதுரத்தில் இரண்டு கல்.

அதனால் கல்லாக எண்ணாமல் சதுரமாக எண்ணுவது எளிது. முன்பக்கம் நீள முகமாகத் தெரிந்தால் ஒவ்வொரு கல்லும் ஒரு சதுரம். சின்ன முகமாகத் தெரிந்தால், விளிம்பில் நின்றதென்றால் மூன்று கல் ஒரு சதுரம், படுக்கை என்றால் இரண்டு கல் ஒரு சதுரம். விளிம்பா படுக்கையா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். விளிம்பில் நின்றால் ஒரு வரியின் உயரம் 4¼ அங்குலம், படுத்திருந்தால் 3 அங்குலம்.

ஒரு உதாரணம் போட்டுக் காட்டுங்க. எங்களுக்கு 3000 கல்னு இறக்குனாங்க.

பெருந்துறைப் பக்கம் ஒரு வீட்டு மனை என்று வைத்துக்கொள்வோம். கல் எல்லாம் விளிம்பில் நிற்கிறது. முன்பக்கம் ஒரு வரியில் சின்ன முகங்கள் 48. அதே வரியில் மூலை திரும்பிப் பார்த்தால் நீள முகங்கள் 5. மறுமுனையிலும் 5. ஒரு வரிக்கு 48 × 5 = 240 கல்.

அடுத்த வரி திருப்பி வைத்தது. முன்பக்கம் நீள முகங்கள் 16, பக்கவாட்டில் சின்ன முகங்கள் 15. அதுவும் 240. சதுரக் கணக்கில் பார்த்தால் 16 × 5 = 80 சதுரம், சதுரத்துக்கு மூன்று கல், அதே 240. மூன்று வழியிலும் ஒரே விடை வருவதால் அந்த எண்ணை நம்பலாம்.

மூலையில் மண்ணைச் சுரண்டிவிட்டு எண்ணினால் முழு வரிகள் 11. உயரத்தை டேப்பால் அளந்தால் ஏறக்குறைய 4 அடி. 11 × 4¼ = 46¾ அங்குலம், மேடுபள்ளத்தோடு சேர்த்தால் பொருந்துகிறது. டேப் 3½ அடி என்று காட்டியிருந்தால் வரியை மறுபடி எண்ணச் சொல்லியிருப்பேன். 240 × 11 = 2640.

மேலே 12ஆம் வரி முழுதாக இல்லை, 32 சதுரம் மட்டும். அது 96 கல். மொத்தம் 2736. பக்கத்தில் இறக்கும்போது உடைந்த துண்டுகள் தனியே கிடக்கின்றன. இரண்டு பாதியை ஒரு கல்லாகப் பார்த்தால் சுமார் 40. எல்லாம் சேர்த்து 2776.

சொன்னது 3000, குறைவது 224. நம் கணக்கில் நூற்றுக்கு மூன்று தவறு என்றாலும் 80, 85 கல்தான் கூடக் குறைய இருக்கும். 224 அதற்குள் அடங்காது. இந்த இடத்தில் லோடுக்காரரைக் கூப்பிட்டுப் பேசலாம். குறைவது 50, 60 என்றிருந்தால் நான் பேச மாட்டேன். பார்த்துப் போட்ட கணக்கை வைத்துக்கொண்டு அந்த அளவுக்குச் சண்டை போட நியாயமில்லை, அதற்கு ஒவ்வொன்றாக எண்ணித்தான் ஆக வேண்டும்.

கல் சைஸ் ஒவ்வொரு சூளைக்கும் மாறுதே?

மாறும். கோவை தடாகம் பள்ளத்தாக்குச் சூளைகள் 2021இல் மூடப்பட்ட பிறகு, வேறு வேறு ஊர்க் கல் ஒரே மனைக்கு வருவதும் உண்டு. ஆனால் மேலே சொன்னபடி முகங்களை நேரடியாக எண்ணினால் கல்லின் அளவு குறுக்கே வராது. அளவு தேவைப்படுவது டேப்பை மட்டும் வைத்துக் கணக்குப் போடும்போதுதான்.

அப்போது ஒரு கல்லை அளக்காதீர்கள். IS 1077 தரக் குறிப்பில் 20 கல்லை வரிசையாக ஒட்டி வைத்து மொத்த நீளத்தை அளக்கச் சொல்கிறார்கள். கையால் அறுத்த கல்லில் ஒன்றுக்கொன்று அரை அங்குலம்கூட மாறும், இருபதைச் சேர்த்து அளந்தால் அது சமன் ஆகிவிடும். மனையில் பத்து கல் வைத்துப் பார்த்தாலே போதும். 9 × 4¼ × 3 அளவில் ஒரு கன அடிக்கு 15 கல். அடுக்கில் இடைவெளி இருப்பதால் 14 என்று போடுங்கள்.

வெளிப்பக்கம் எல்லாம் முழுக் கல். உள்ளே அரைக்கல் இருந்தா?

இருக்கும். அடுக்குகிறவர்கள் விளிம்புக்கு நல்ல கல்லாகப் பார்த்து வைப்பார்கள், அப்போதுதான் அடுக்கு நேராக நிற்கும். உடைந்தது நடுவில் போகும். இதில் ஏமாற்று எப்போதும் இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் வெளிமுகத்தைப் பார்த்து உடைசல் எவ்வளவு என்று முடிவுகட்ட முடியாது.

நடுவில் ஒரு 9 அங்குலச் சதுரத்தைத் தேர்ந்தெடுத்து, மேலிருந்து அடி வரை அதை மட்டும் எடுத்துப் பாருங்கள். 11 வரி என்றால் 33 கல் வெளியே வரும். அதில் இரண்டு அரைக்கல் இருந்தால் நூற்றுக்கு ஆறு என்று தோன்றும், ஆனால் ஒரே ஒரு இடத்தை வைத்து அப்படிச் சொல்லிவிடாதீர்கள். பக்கத்துச் சதுரத்தில் ஒன்றும் இல்லாமல் போகலாம், ஐந்தும் இருக்கலாம். மூன்று இடத்தில் எடுத்தால் ஓரளவு நம்பலாம். எடுத்த கல்லை அன்றே கட்டுக்குக் கொடுத்துவிட்டால் வேலையும் வீணாகாது.

எண்ண வசதியா எப்படி அடுக்கச் சொல்லணும்?

IS 4082 என்ற தரக் குறிப்பில் செங்கல்லுக்கு ஒரு முறை இருக்கிறது. விளிம்பில் நிறுத்தி, நீளத்தில் 50, உயரத்தில் 10, அகலத்தில் 4 கல்லுக்கு மேல் போகாமல். ஒரு அடுக்குக்கு 2000. இறக்குகிறவர்களிடம் முன்பே சொல்லி, கூலி கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் செய்வார்கள். இறக்கி முடித்த பிறகு மாற்றி அடுக்கச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

மூட்டைக்கும் இதே கணக்குத்தானுங்களா? உயரத்தை அளந்து வகுத்தா போதுமா?

பெருக்கல் அதே. ஆனால் மூட்டை அட்டியில் உயரத்தை அளந்து வகுக்காதீர்கள். அடி மூட்டை மேல் பாரத்தில் தட்டையாகிவிடும், மேல் மூட்டை உப்பிக்கொண்டு நிற்கும். சிமெண்ட் மூட்டை ஓரளவு வடிவம் மாறாமல் இருக்கும். தவிடு மூட்டை அப்படியே அமுங்கிவிடும். தரையில் கிடக்கும் ஒரு மூட்டையின் கனத்தை அளந்து அட்டியின் உயரத்தை வகுத்தால் வரி குறைவாகவே வரும். போதாததற்கு, அடியில் ஈரம் ஏறாமல் இருக்கப் போட்ட மரக்கட்டையின் உயரமும் டேப்பில் சேர்ந்துவிடும்.

மூலையில் நின்று ஒவ்வொரு மூட்டையாகக் கண்ணால் ஏறுங்கள். நடுவில் ஒன்றின் மேல் ஒன்று பள்ளத்தில் உட்கார்ந்து வரி கலைந்து தெரியும். மூலையில் வரி தெளிவாக இருக்கும், ஏனென்றால் மூலை சரிந்தால் அட்டியே சரியும் என்று அங்கே பார்த்து வைப்பார்கள். இரண்டு மூலையில் எண்ணி, எண் ஒன்றாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல்ல தீவனக் குடோன். முன்னாடி 24, பக்கத்துல 6, உயரம் 9. 1296 வரணும். ஆனா லோடு ஏத்தும்போது 1100ஐக்கூடத் தொடலை. திருட்டா?

அப்படி முடிவு கட்டுவதற்கு முன், அட்டி எப்படிப் போட்டது என்று பாருங்கள். 24க்கு 6 என்பதைக் கேட்டதும் எனக்கு வரும் சந்தேகம், மூன்றும் இரண்டுமாகப் போட்ட அட்டி என்பதுதான்.

மூட்டையின் நீளம் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மூட்டையைப் பக்கம் பக்கமாக வைத்தால் வரும் அகலமும், இரண்டு மூட்டையை நீளவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் வரும் நீளமும் சமம். அதனால் முன்னால் மூன்று, அவற்றின் பின்னால் குறுக்காக இரண்டு என்று ஐந்து மூட்டையை ஒரு கட்டாக வைப்பார்கள். அடுத்த வரியில் அதையே திருப்பி, முன்னால் இரண்டு, பின்னால் மூன்று. இப்படிப் பின்னிப் போட்டால் அட்டி அசையாது.

முன்னால் நின்று பார்க்கும்போது கட்டுக்கு மூன்று வாய் தெரியும். பக்கவாட்டில் போனால் கட்டுக்கு இரண்டு மூட்டை தெரியும், முன்னால் உள்ளதன் நீளப் பக்கம் ஒன்று, பின்னால் உள்ளதன் வாய் ஒன்று. மூன்றை இரண்டால் பெருக்கி ஆறு என்போம். ஆனால் உள்ளே இருப்பது ஐந்துதான். கட்டுக்கு ஒரு மூட்டை நம் தலையில் ஏறிவிடுகிறது, நிஜத்தில் இருப்பதைவிட நூற்றுக்கு இருபது அதிகம்.

உங்கள் கணக்கில் முன்னால் 24 என்றால் 8 கட்டு. பக்கவாட்டில் 6 என்றால் 3 கட்டு. ஒரு வரிக்கு 8 × 3 = 24 கட்டு, கட்டுக்கு ஐந்தாக 120 மூட்டை. 9 வரிக்கு 1080. 1296க்கும் 1080க்கும் உள்ள 216 மூட்டை முதலிலேயே இருந்திருக்காது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. முன்பக்கம் ஒரு வரியில் எல்லாமே வாயாகத் தெரிந்தால், அதே வரியில் மூலை திரும்பியதும் எல்லாமே நீளப் பக்கமாகத் தெரிய வேண்டும். அப்படித் தெரிந்தால் நேரான அட்டி, தாராளமாகப் பெருக்கலாம். நீளப் பக்கம், வாய், நீளப் பக்கம், வாய் என்று மாறி மாறித் தெரிந்தால் அது பின்னிய அட்டி. அதைக் கட்டாகத்தான் எண்ண வேண்டும். இரண்டு வரியைப் பார்த்தும் தேறலாம். அடுத்த வரியில் முன்னால் 16தான் தெரியும், பக்கவாட்டில் அதே 6. பெருக்கினால் 96. முந்தைய 144உடன் சேர்த்துச் சராசரி எடுத்தால் 120.

அந்த 1080இலும் இன்னும் கொஞ்சம் குறையலாம். குடோனில் தூண் இருந்தால் அதைச் சுற்றித்தான் அட்டி போட்டிருப்பார்கள். தூண் ஒரு வரிக்கு ஒரு மூட்டை இடத்தையாவது தின்னும், 9 வரிக்கு 9 மூட்டை. கூரையை அண்ணாந்து பார்த்துத் தூண் எந்த வரிசையில் வருகிறது என்று கண்டுகொள்ளலாம், அட்டிக்குள் அது மறைந்திருந்தாலும்.

சுவரோட ஒட்டிப் போட்ட அட்டியில ரெண்டு பக்கம்தான் தெரியுது. என்ன செய்யறது?

சுவரை அளந்துகொள்ளுங்கள், பின்பக்க நீளம் அதிலிருந்து வரும். அட்டியின் மேல் ஏறிப் பின்வரிசை சுவரை ஒட்டியிருக்கிறதா, இடைவெளி விட்டிருக்கிறதா என்று பார்க்காமல் எண்ணைச் சொல்லாதீர்கள். விவரம் தெரிந்த குடோன்காரர் சுவருக்கும் அட்டிக்கும் நடுவே ஆள் போகிற அளவுக்கு இடம் விட்டிருப்பார், ஈரமும் ஏறாது, எண்ணவும் முடியும்.

கவுந்தப்பாடி சர்க்கரை மூட்டை மாதிரி மேலே போகப் போகச் சுருங்குற அட்டி. அடி வரியையும் மேல் வரியையும் கூட்டிப் பாதி எடுக்கலாமா?

ஒரு திசையில் மட்டும் சுருங்கினால் எடுக்கலாம். நான்கு பக்கமும் சுருங்கினால் அதிகமாக வரும். அடியில் 12க்கு 8, அதாவது 96 மூட்டை. ஒவ்வொரு வரிக்கும் இரு திசையிலும் ஒன்று குறைகிறது. ஏழு வரி என்றால் 96, 77, 60, 45, 32, 21, 12. கூட்டினால் 343. அடியும் மேலும் சேர்த்துப் பாதி எடுத்தால் 54, ஏழு வரிக்கு 378. 35 மூட்டை கூடுதல். நாட்டுச் சர்க்கரை மூட்டை 60 கிலோ என்றால் இரண்டு டன்னுக்கு மேல் வித்தியாசம்.

ஏழெட்டு வரிதானே, ஒவ்வொரு வரியாகப் பெருக்கிக் கூட்டிவிடுங்கள். அதைவிடச் சுலபமான சூத்திரம் இதற்கு வேண்டியதில்லை.

எடை மேடையில போட்டு எடையை வச்சு எண்ணிக்கை பார்த்தா சரியா வராதா?

மூட்டைக்கு நன்றாக வரும், எல்லா மூட்டையும் ஒரே எடையாகப் பிடித்திருந்தால். செங்கல்லுக்கு வெயில் காலத்தில் மட்டும் செய்யுங்கள். பத்து காய்ந்த கல்லை நிறுத்துச் சராசரி எடுத்து, லாரியின் சரக்கு எடையை அதால் வகுக்கலாம். சாதாரணச் செங்கல் தன் எடையில் நூற்றுக்கு இருபது வரை தண்ணீர் குடிக்கலாம் என்று அதே IS 1077 அனுமதிக்கிறது. மழையில் நனைந்து வந்த லோடை நிறுத்து, காய்ந்த கல்லின் எடையால் வகுத்தால் 2500 கல் 2900 போலக் கணக்குக் காட்டும். நனைந்த லோடு என்றால் நிறுப்பதற்கான பத்து கல்லையும் அதே லாரியில், மேலிருந்தும் நடுவிலிருந்தும் எடுங்கள். மேல் கல் மட்டும் ஊறியிருக்கும், நடுக் கல் காய்ந்தே இருக்கும்.

டிப்பர்ல கொட்டிட்டுப் போயிட்டாங்க. குவியலா கிடக்கு.

கொட்டிய குவியலில் கிட்டத்தட்ட பாதி இடம் வெறும் காற்று. கன அடிக்கு 8, 9 கல் என்று போட்டால் ஒரு உத்தேசம் கிடைக்கும், அதுவும் நூற்றுக்கு பதினைந்து, இருபது முன்னே பின்னே போகும். பணம் கொடுப்பதற்கு அந்தக் கணக்கு ஆகாது. இரண்டு ஆளை விட்டு அடுக்கச் சொல்லிவிட்டு எண்ணுங்கள்.